எதிர் வீட்டுப் பிள்ளை கவுன்சிலிங் அறைக்கு வந்தால்

நான் காரைக்குடி பக்கம் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் கவுன்சிலராக இருக்கிறேன். எங்கள் அபார்ட்மென்ட்டில் எதிர் வீட்டுப் பெண் இதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. வகுப்பில் தூங்குகிறாள், யாரோடும் பேசுவதில்லை என்று வகுப்பாசிரியர் அவளை என்னிடம் அனுப்பியிருக்கிறார். அவள் அம்மாவும் நானும் நெருக்கம்; அவர்கள் ஊருக்குப் போனால் வீட்டுச் சாவி எங்களிடம்தான் இருக்கும். சில நாள் ராத்திரி அவர்கள் வீட்டில் சண்டைச் சத்தமும் கேட்கும். பள்ளியில் வேறு கவுன்சிலர் இல்லை. நான் அவளைப் பார்க்கலாமா? பார்த்தால் எதுவரை?

ஒரு முறை பாருங்கள். தொடர்ந்து பார்க்காதீர்கள். அந்த ஒரு சந்திப்பிலும் உங்களுக்கு இரண்டே வேலைதான்: அவள் இப்போதைக்குப் பாதுகாப்பாக இருக்கிறாளா என்று தெரிந்துகொள்வது, அவளை யாரிடம் அனுப்பலாம் என்று அவளோடு சேர்ந்து முடிவு செய்வது. வேறு ஆளே கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் "வேறு ஆளே இல்லை" என்ற முடிவுக்கு நாம் வழக்கமாகக் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடுகிறோம்.

அக்கம்பக்கத்துப் பிள்ளை என்றாலே பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சிறிய ஊரில் அப்படி ஒரு விதி வைத்தால் கவுன்சிலர் யாரையுமே பார்க்க முடியாது. மூன்றாவது தெருவில் இருப்பவர், கோயிலில் பார்த்தால் சிரிப்பவர், உங்கள் பிள்ளையோடு ஒரே வேனில் போகும் பிள்ளையின் அப்பா, இவர்களெல்லாம் ஊரில் இருக்கத்தான் செய்வார்கள். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறைகூட, பாதிப்பு வரும் என்று நியாயமாக எதிர்பார்க்க முடியாத இரட்டை உறவைத் தவறு என்று சொல்வதில்லை. அதே நாட்டுப் பள்ளிக் கவுன்சிலர் சங்கத்தின் நெறிமுறை ஒரு படி மேலே போய், நெருங்கிய நண்பர்களின் பிள்ளைகளுக்குக் கவுன்சிலிங் தருவதைத் தவிர்க்க வேண்டிய உறவுக்கு உதாரணமாகவே காட்டுகிறது. உங்கள் கதை இந்த இரண்டாவது வகை. நீங்கள் எதிர் வீட்டில் இருக்கிறீர்கள் என்பது இங்கே பெரிய சிக்கல் இல்லை. அந்த வீட்டுச் சாவி உங்களிடம் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

எது எந்த வகை என்று எப்படிப் பிரிப்பது? மைக்கேல் காட்லீப் என்ற உளவியலாளர் 1993இல் இதற்கு ஒரு வழி சொன்னார். நான் பல வருடமாக அதைத்தான் பயன்படுத்துகிறேன், ஏனென்றால் அதில் கேள்விகள் குறைவு. இருவருக்கும் இடையே அதிகார வித்தியாசம் எவ்வளவு? உறவு எவ்வளவு காலம் நீடிக்கும்? அது முடிகிற இடம் தெளிவாகத் தெரிகிறதா? அதிகார வித்தியாசமும் காலமும் ஓங்கி, முடிகிற இடமும் தெரியாமல் இருந்தால் அங்கே இன்னொரு உறவைத் தொடங்காதே என்பார். உங்கள் விஷயத்தில் போட்டுப் பாருங்கள். அந்தப் பெண்ணைப் பொறுத்தவரை நீங்கள் பள்ளியில் மேடம், வீட்டில் அம்மாவின் தோழி. இரண்டு இடத்திலும் உங்கள் கைதான் மேலே. எதிர் வீட்டு உறவு யாராவது வீடு மாற்றும் வரை இருக்கும். கவுன்சிலிங் முடிந்தது என்று நீங்கள் கோப்பை மூடினாலும், மறுநாள் காலை பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால் அவள் எதிரில் நிற்பாள். மூன்றாவது கேள்விக்கு உங்களிடம் பதிலே கிடையாது.

இதில் ரகசியம் கசிந்துவிடுமோ என்பதைத்தான் எல்லோரும் முதலில் யோசிக்கிறார்கள். நீங்கள் வாயைத் திறக்காத ஆளாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பெண் அதை எப்படி நம்புவாள்? நீங்களும் அவள் அம்மாவும் சாயங்காலம் மாடியில் துணி எடுக்கும்போது அரை மணி நேரம் பேசுவதை அவள் பல வருடமாகப் பார்த்திருக்கிறாள். அப்படிப்பட்ட உங்கள் முன்னால் உட்கார்ந்தால், அம்மா காதில் விழுந்தாலும் பரவாயில்லை என்று நினைப்பதை மட்டும்தான் சொல்வாள். பரீட்சை பயம், கணக்கு வரவில்லை, ராத்திரி போன் பார்க்கிறேன் என்று சுற்றி வருவாள். நீங்களும் தூக்கம் சரியில்லை, படிப்பு அழுத்தம் என்று எழுதி முடித்துவிடுவீர்கள். கவுன்சிலிங் நடந்தது என்று பதிவேட்டில் இருக்கும். உண்மையில் எதுவும் நடந்திருக்காது. இதைவிட மோசம், இனி வேறு யாரும் அவளைத் தேடிப் போகமாட்டார்கள், "கவுன்சிலர் பார்த்தாச்சு" என்பதால்.

இன்னொன்று, அவளால் உங்களை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. வகுப்பாசிரியர் அனுப்பியிருக்கிறார். மறுத்தால் "ஏன், எங்கிட்ட பேசறதுக்கு என்ன?" என்று நீங்கள் மனத்தாங்கல் படுவீர்கள் என்று நினைப்பாள், அது வீடு வரை போகும் என்றும் நினைப்பாள். ஆகவே அவள் தலையாட்டினால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது பலரும் யோசிக்காத பக்கம். பள்ளியில் கேட்டது வீட்டுக்குப் போகக் கூடாது என்று நமக்குத் தெரியும். வீட்டில் தெரிந்துகொண்டது பள்ளிக்கு வருவதை நாம் தவறாகவே நினைப்பதில்லை. ராத்திரி சண்டைச் சத்தம் உங்களுக்குக் கேட்கிறது. மறுநாள் அவள் அறைக்குள் வருகிறாள். "வீட்ல ஏதாச்சும் பிரச்சினையாம்மா?" என்று நீங்கள் கேட்பது சாதாரணக் கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் அது சாதாரணக் கேள்வி இல்லை. எதிர் வீடுவரை கேட்டிருக்கிறது என்று அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிடும். அவளாகச் சொல்லியிருக்க வேண்டியதை நீங்கள் முன்னாடியே எடுத்துவிட்டீர்கள். அது மட்டுமில்லை, அவள் தூக்கத்துக்குக் காரணம் அந்தச் சண்டைதான் என்று உங்கள் மனம் ஏற்கெனவே முடிவு கட்டியிருக்கும். இருக்கலாம். ஆனால் பதினான்கு வயதுப் பெண் வகுப்பில் தூங்குவதற்கு ரத்தசோகை ஒரு காரணமாக இருக்கலாம், தைராய்டு இருக்கலாம், நள்ளிரவு வரை ஓடும் போன் குரூப் இருக்கலாம், வகுப்பில் யாரோ கேலி செய்வது இருக்கலாம், உங்களுக்கும் அவள் அம்மாவுக்கும் தெரியாத வேறு ஏதோ இருக்கலாம். அவளை அறியாத ஒரு கவுன்சிலர் இவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்பார். நீங்கள் கேட்கமாட்டீர்கள், உங்களுக்குத்தான் "தெரியுமே".

ஆகவே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: அறைக்குள் அவள் வாயிலிருந்து வந்தது மட்டும்தான் அறைக்குள் பயன்படும். சண்டைச் சத்தத்தைக் கோப்பில் எழுதாதீர்கள், வகுப்பாசிரியரிடம் சொல்லாதீர்கள். இதற்கு ஒரே விதிவிலக்கு, கேட்கிற சத்தத்தில் ஒரு பிள்ளை அடிவாங்குகிறது என்று தோன்றினால். அப்போது பள்ளி வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. எந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் செய்யலாம் என்பதைப் போல நீங்களும் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்கலாம். பொறுப்பில் இருப்பவரே குழந்தையைக் கொடுமைப்படுத்துவது 2015ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டத்தின்படி குற்றம். அந்த அழைப்பை நீங்கள் குடியிருப்பவராகச் செய்கிறீர்கள். பள்ளிக் கோப்பில் இருப்பது எதையும் அதில் சேர்க்காதீர்கள்.

சரி, அந்த ஒரு சந்திப்புக்கு வருவோம். அதற்கு முன்பே முதல்வரிடம் ஒரு குறிப்பு கொடுத்துவிடுங்கள். நாலு வரி போதும்: இந்த மாணவியின் குடும்பமும் நானும் எதிரெதிர் வீட்டில் இருக்கிறோம், நெருங்கிய பழக்கம் உண்டு, முதல் சந்திப்பை மட்டும் நான் நடத்துகிறேன், தொடர்ந்து பார்க்க வேறு ஏற்பாடு வேண்டும். தேதி போட்டு, ஒரு நகல் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஏதாவது கேள்வி வந்தால், விஷயம் தெரிந்த அன்றே நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. பிள்ளையைக் கவுன்சிலரிடம் அனுப்பியிருக்கிறோம் என்று பெற்றோருக்குச் சொல்வதும் வகுப்பாசிரியரோ ஒருங்கிணைப்பாளரோ செய்யட்டும். பள்ளி எண்ணிலிருந்து அந்த அழைப்பு போக வேண்டும். நீங்கள் கதவைத் தட்டிச் சொன்னால் அது அப்போதே வீட்டு விஷயமாகிவிடும்.

அவள் வந்து உட்கார்ந்ததும், எதையும் கேட்பதற்கு முன்னால் சூழ்நிலையை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஏறக்குறைய இப்படி: "உனக்கும் எனக்கும் இது கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கும். நான் உங்கம்மாவுக்குப் பழக்கம். அதனால உன்னைத் தொடர்ந்து பார்க்கறது சரியா இருக்காதுன்னு நினைக்கிறேன், நீ ஒண்ணும் தப்பு பண்ணல. இன்னைக்கு ஒரு நாள் பேசுவோம். உனக்கு வசதியான வேற ஒருத்தரை ஏற்பாடு பண்ணித் தரேன். இங்க நீ சொல்றது உங்கம்மாகிட்டப் போகாது. ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சாலோ, யாராவது உன்னைத் தப்பா தொட்டாங்கன்னு தெரிஞ்சாலோ, என்னால அதை எனக்குள்ளயே வச்சுக்க முடியாது. அது சட்டம். யார்கிட்ட சொல்றேன்னு உனக்கு முன்னாடியே சொல்லிட்டுத்தான் சொல்வேன்."

இந்தச் சொற்களை ஏன் ஆரம்பத்திலேயே சொல்கிறோம்? ஒரு பிள்ளை அழுது கொட்டித் தீர்த்த பிறகு "சரி, இனிமே நீ வேற மேடத்தைப் பாரு" என்றால், தான் சொன்னது பிடிக்காமல் தள்ளிவிடுகிறார்கள் என்றுதான் புரிந்துகொள்ளும். முதலிலேயே சொல்லிவிட்டால் எவ்வளவு சொல்வது என்பதை அவளே தீர்மானிக்கலாம்.

அப்புறம் கேட்க வேண்டியது கொஞ்சம்தான். எத்தனை மணிக்குப் படுக்கிறாள், எப்போது எழுகிறாள், சாப்பாடு எப்படி, மாதவிலக்கு சீராக இருக்கிறதா, பள்ளியிலோ வேனிலோ வீட்டிலோ யாரைக் கண்டாலாவது பயமாக இருக்கிறதா. தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும், செத்துப் போக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா என்பதை நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. சுற்றி வளைத்தால்தான் பதில் வராது. "இல்லை" என்று அவள் சொன்னாலும், பதிலுக்கு முன்னால் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள் என்று கவனியுங்கள். ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால், எதிர் வீட்டுக்காரர் என்ற தயக்கமெல்லாம் அன்றைக்கு ஒதுங்கிவிட வேண்டும். அவளைத் தனியாக விடாதீர்கள். முதல்வர் முன்னிலையில் பெற்றோரைப் பள்ளிக்கு வரவழைத்து, அன்றே மனநல மருத்துவரிடம் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். அவசரத்தில் கையில் இருக்கும் ஆள்தான் உதவ வேண்டும். இரட்டை உறவு அதைத் தடுக்காது.

கடைசியில் ஒரு சின்ன விஷயத்தைப் பேசி முடிவு செய்யுங்கள்: லிஃப்டில் பார்த்தால் என்ன செய்வது? "நீ சிரிச்சா நான் சிரிப்பேன், நீ பேசினா பேசுவேன், இங்க பேசினதை நானா வெளியில எடுக்கமாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். அது அவளுக்குப் பெரிய நிம்மதி.

இப்போது அம்மா. உண்மையான சோதனை இங்கேதான். சாயங்காலம் கொடியில் துணி எடுக்கும்போது "அக்கா, அவ உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா? எங்கிட்ட வாயே திறக்க மாட்டேங்கறா" என்று கேட்பார். கேட்கத்தான் வேண்டும், அவர் தாய். நீங்கள் ஒளிவுமறைவாக மழுப்பினாலும் தப்பு, பதறினாலும் தப்பு. பெரும்பாலான கவுன்சிலர்கள் தடுமாறுவது நல்ல நாளில்தான். கவலைப்பட ஒன்றும் இல்லாத அன்று "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லா இருக்கா, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிடுகிறோம். ஆறுதல்தானே, இதில் என்ன ரகசியம் என்று தோன்றும். ஆனால் அடுத்த வாரம் சொல்ல முடியாத ஒன்று தெரியவந்து நீங்கள் "அதைப் பத்தி நான் பேசக் கூடாது" என்றால், அந்த மௌனமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஆகவே நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஒரே பதில்தான்: "பள்ளிக்கூடத்துல யார் பிள்ளையைப் பார்த்தாலும் வீட்டுல நான் அதைப் பேசறதில்ல. உன் பொண்ணுன்னு இல்ல, யாருக்கும் இதுதான். நீ மிஸ்ஸுக்கு போன் பண்ணு, நேரம் வாங்கிட்டு வா, அங்க உட்கார்ந்து பேசுவோம்." முதல் முறை அவருக்குச் சுருக்கென்று இருக்கும். மூன்றாவது முறை கேட்கமாட்டார்.

அவர் பள்ளிக்கு வந்தால், அந்தச் சந்திப்பில் வகுப்பாசிரியரும் இருக்கட்டும். பிள்ளை எதை அம்மாவிடம் சொல்லலாம் என்று ஒத்துக்கொண்டாளோ அதை மட்டும் பேசுங்கள். மாற்று ஏற்பாடு ஏன் என்று அவருக்கும் சொல்லுங்கள். "எனக்கு உன்னைத் தெரியும், அதனாலேயே நான் அவளைப் பார்த்தா அவ மனசு விட்டுப் பேசமாட்டா" என்றால் எந்த அம்மாவுக்கும் புரியும். அவர் "நீங்கதான் பார்க்கணும், வெளியாளுகிட்ட எங்க வீட்டு விஷயம் போக வேண்டாம்" என்று பிடிவாதம் பிடிக்கலாம். நம் ஊரில் இது சகஜம். அந்தப் பிடிவாதத்தில் பாதி நம்பிக்கை, பாதி பயம். நீங்கள் கண்காணித்துச் சொல்வீர்கள் என்ற எதிர்பார்ப்பும் அதில் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

தீபாவளிப் பலகாரம், கொழுக்கட்டை, கறிவேப்பிலை கடன் இதெல்லாம் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். நேற்றுவரை வாங்கிய தட்டை இன்று திருப்பி அனுப்பினால் அபார்ட்மென்ட் முழுக்க "என்னமோ நடந்திருக்கு" என்று பேசும். ஆனால் சாவியைத் திருப்பிக் கொடுக்கலாம், அவசரப்படாமல், வேறு வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லி. அவர்கள் இல்லாத நேரத்தில் அந்த வீட்டுக்குள் நீங்கள் போய்வருவது அவளுக்குத் தெரியும். அவளுடைய மேசை மேல் நோட்டு கிடக்கலாம். அவள் ராத்திரி உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி "பேசணும்" என்றால், ஆபத்து ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மறுநாள் பள்ளியில் பேசலாம் என்று அனுப்புங்கள். உங்கள் கணவருக்கும் அந்தக் குடும்பத்தோடு பழக்கம் இருக்குமே. அவரிடம் அவள் உங்களிடம் வந்தாள் என்பதைக்கூடச் சொல்லாதீர்கள். கோப்பு பள்ளி அலமாரியில் பூட்டி இருக்கட்டும். வீட்டுக்கு எடுத்து வருவதோ போனில் படம் பிடித்து வைப்பதோ கூடாது.

இப்போது கடினமான இடம். அவள் பாலியல் வன்முறை பற்றிச் சொன்னால் என்ன? 2012ஆம் வருடத்து போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு உங்களுக்கும் பொருந்தும், எனக்கும் பொருந்தும், தெருவில் போகிறவருக்கும் பொருந்தும். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு எதிராகக் குற்றம் நடந்தது என்று தெரிந்தால், உள்ளூர்க் காவல் நிலையத்திலோ சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவிலோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத் தலைவர் தனக்குக் கீழே பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை. முதல்வரிடம் சொல்லிவிட்டேன் என்பதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மேல் வழக்குப் போட முடியாது என்றும் 19ஆம் பிரிவே சொல்கிறது.

இதில் எதிர் வீட்டுக்காரருக்கு மட்டும் வரும் ஆசை ஒன்று உண்டு: "முதல்ல அவங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமே." தோழி என்ற முறையில் அது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் செய்தவர் அந்த வீட்டிலேயே இருப்பவராகவோ, அங்கே வந்துபோகும் உறவுக்காரராகவோ இருந்தால், ஒரு மணி நேரத்தில் பிள்ளை ஊருக்கு அனுப்பப்படலாம், "அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கல" என்று சொல்லக் கற்றுக்கொடுக்கப்படலாம். அம்மாவுக்கு எப்போது, யார் சொல்வது என்பதை 1098இல் பேசுகிறவர்களோடும் குழந்தைகள் நலக் குழுவோடும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். நீங்களாகவே எதிர் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டாம்.

பள்ளிக் கவுன்சிலர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடமும் இதே சட்டத்தில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பெண் தன் காதலைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, உடல் நெருக்கம் வரை போய்விடுவாள். இருவரும் விரும்பித்தான் என்றாலும் பதினெட்டுக்குக் கீழே சம்மதம் என்பது சட்டத்தில் கணக்கில் வராது. அந்தப் பையன் கீழ்த் தளத்து வீட்டுப் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குடும்பத்துக்கும் நடுவில், காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்தவராக, அதே கட்டடத்தில் நீங்கள் குடியிருப்பீர்கள். அதனால்தான் எதை என்னால் மறைக்க முடியாது என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லச் சொன்னேன். சட்டம் இருப்பது தெரியாமல் அவள் சொல்லி மாட்டிக்கொள்வது அவளுக்குச் செய்யும் அநியாயம்.

அவளை யாரிடம் அனுப்புவது? சிபிஎஸ்இ பள்ளிகள் சகோதயா என்ற குழுக்களாக இணைந்திருக்கின்றன. உங்கள் குழுவில் இன்னொரு பள்ளியின் கவுன்சிலரோடு முதல்வர் வழியாக ஒரு மாற்று ஒப்பந்தம் போடுங்கள்: உங்களால் பார்க்க முடியாத பிள்ளையை அவர் பார்க்கட்டும், அவரால் முடியாததை நீங்கள் பாருங்கள். வாரம் ஒரு மணி நேரம் வீடியோ வழியாகவும் நடத்தலாம், பள்ளியில் ஒரு தனி அறையில் உட்கார்ந்து. வீட்டிலிருந்து வேண்டாம், சுவர்களுக்குக் காது உண்டு என்று உங்களுக்கே தெரியும். தூக்கமும் பேசாமையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. சிவகங்கை உங்களுக்குத் தூரமில்லை. அதற்கு முன் ஒரு சாதாரண மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை. இடையில் அவளே பேச விரும்பினால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

முதல்வர் "இதெல்லாம் எதுக்கு, நீங்களே பாருங்க மேடம்" என்று சொன்னால்? சொல்லக் கூடியவர்தான். அப்போது பார்க்கலாம், ஆனால் சில காவல்களோடு. பிள்ளை, பெற்றோர், பள்ளி மூவருக்கும் உங்கள் இரண்டு வேடமும் தெரிந்திருக்கிறது என்று ஒரு பக்கச் சம்மதக் கடிதம். இத்தனை சந்திப்பு என்று முன்கூட்டியே ஒரு எண், நாலோ ஐந்தோ, அதன் பிறகு மறுபரிசீலனை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை வெளியூரில் இருக்கும் மூத்த கவுன்சிலர் ஒருவரிடம் பெயர் சொல்லாமல் கேஸைப் பேசுவது. அந்த மூத்தவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்தப் பிள்ளை எதிர் வீட்டில் இல்லாவிட்டால் நான் இதையே செய்திருப்பேனா?"

எங்கே கோணுகிறது என்று உங்களுக்கே தெரியவரும். துணி எடுக்க மாடிக்குப் போகும் நேரத்தை மாற்றத் தொடங்குவீர்கள். ராத்திரி அவர்கள் வீட்டு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பீர்கள். மற்றப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு முறை என்றால் இவளுக்கு மட்டும் நடுவில் ஒரு முறை. அவள் அப்பாவைப் பற்றி அவள் சொன்னதை எழுதும்போது "நல்ல மனுஷன்தான், கோபம் மட்டும்" என்று உங்கள் வார்த்தை அதில் கலந்திருக்கும். அல்லது எழுதாமலே விட்டிருப்பீர்கள். இதில் எதைக் கண்டாலும் ஐந்தாவது சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள். அந்த வாரமே அவளிடமும் முதல்வரிடமும் சொல்லி, சகோதயா குழுவில் பேசி வைத்தவரிடம் அவளை அனுப்பிவிடுங்கள்.